யோசிக்க மட்டும் வைக்கும் விளையாட்டுகள்

அன்புள்ள கயல்,

துப்பறியும் கணினி விளையாட்டு எது வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். சுடுவதும் துரத்துவதும் ஓடி ஒளிவதும் கூடாது, கொலையாளி யார் என்று யோசிக்கிற வேலை மட்டும் வேண்டும் என்பது உன் நிபந்தனை. நாவலில் கடைசி அத்தியாயத்துக்கு முன்பே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்கிறவள் நீ. அதனால் உனக்கு எது பிடிக்கும், எது எரிச்சலூட்டும் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

'துப்பறியும்' என்ற அடைமொழியை நம்பி எதையும் வாங்கிவிடாதே. 2011-இல் வந்த 'எல்.ஏ. நுவார்' விளையாட்டில் நீ காவல்துறைத் துப்பறிவாளர்தான். சாட்சியின் முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் பகுதிகள் உனக்குப் பிடிக்கும். ஆனால் நடுநடுவே கார் துரத்தலும் துப்பாக்கிச் சண்டையும் வரும். ஒரு சண்டையில் மூன்று முறை தோற்றால் அதைத் தாண்டிப்போக வழி இருக்கிறது. யோசிக்க வந்தவள் எதற்குத் தோற்றுத் தோற்று வழி தேட வேண்டும்?

சண்டையே இல்லாத விளையாட்டுகளிலும் ஒரு குறை உண்டு. பலவற்றில் அறைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் சுட்டியால் தட்டினால் போதும். கடைசிப் பொருளைத் தட்டியதும் கதாநாயகன் தானாகவே முடிவைச் சொல்லிவிடுவான். துப்புகளைச் சேர்த்தது நீ, யோசித்தது அவன். ஆகவே ஒரு விளையாட்டை எடைபோடும்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: விடை எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் எப்படிச் சொல்ல வேண்டும்? அங்கேதான் அதை உருவாக்கியவரின் நேர்மை தெரியும்.

இந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த பதில் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. லூகாஸ் போப் உருவாக்கி 2018-இல் வெளியிட்டது. 1802-இல் புறப்பட்டுக் காணாமல்போன வணிகக் கப்பல் ஒன்று, 1807-இல் உயிருள்ள ஒருவர்கூட இல்லாமல் துறைமுகத்துக்கு வந்து நிற்கிறது. நீ கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரி. கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று எழுத வேண்டும். உன்னிடம் ஒரு கடிகாரம் இருக்கிறது. பிணத்தருகே அதைத் திறந்தால், முதலில் அந்த ஆள் சாவதற்கு முந்தைய நொடிகளின் குரல்கள் இருட்டில் கேட்கும். பிறகு, அவர் செத்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நீ நடந்து சுற்றிப் பார்க்கலாம். எதுவும் நகராது, உன்னை யாரும் தாக்க மாட்டார்கள்.

கையில் ஒரு புத்தகமும் தருவார்கள். அதில் 60 பேரின் பெயர், பணி, நாடு அடங்கிய பட்டியலும் எல்லோருடைய முகங்களும் இருக்கும் ஓவியங்களும் உண்டு. எந்த முகம் எந்தப் பெயருக்கு உரியது என்பது மட்டும் இருக்காது. ஒவ்வொருவருக்கும் அவர் யார், எப்படிச் செத்தார், கொன்றது யார் என்பதை நீதான் நிரப்ப வேண்டும்.

முதல் பிணத்தை மட்டும் சொல்கிறேன், சுவை கெடாது. கதவுக்கு வெளியே ஒருவன் "கேப்டன், கதவைத் திற" என்று கத்துகிறான். கதவை உடைக்கிறார்கள், துப்பாக்கி வெடிக்கிறது. உறைந்த காட்சியில், சுட்டவர் அறைக்குள் நிற்கிறார். வெளியே இருப்பவர்கள் யாரைக் கூப்பிட்டார்களோ அவர்தான் உள்ளே இருக்கிறார். ஆகவே சுட்டவர் கேப்டன். பட்டியலில் கேப்டன் ஒருவர்தான், எனவே அந்த முகத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் செத்தவன் யார்? அந்தக் காட்சியில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. எப்படிச் செத்தான், யார் கையால் செத்தான் என்று எழுதிவிட்டு, பெயரை வெற்றிடமாக விட்டு நகர வேண்டும். வேறொரு பிணத்தின் நினைவில், வேறொரு மூலையில், அதே முகம் யாரோடு நிற்கிறது, என்ன உடுத்தியிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் அது நிரம்பும். சமையல்காரர், மருத்துவர் போல ஒரு பணிக்கு ஒருவரே இருந்தால் எளிது. பாய்மர மாலுமிகள் பலர். அவர்களைப் பிரித்தறிய உடை, பேச்சு, உடன் நிற்பவர்கள் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நீ ஒரு விடை எழுதியவுடன் சரி, தவறு என்று விளையாட்டு சொல்லாது. மூன்று பேரின் முடிவுகள் முழுக்கச் சரியாக இருந்தால்தான் அந்த மூன்றும் உறுதியாகி, அச்செழுத்தாக மாறும். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் கிடைத்தால், 60 பெயர்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே முடித்துவிடலாம். மூன்றாகக் கட்டியதால் குருட்டு யூகம் வீணாகிறது. இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: நிச்சயமாகத் தெரிந்த இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை மாற்றி மாற்றிப் போடலாம். அந்த ஆசை வரும்போது, 'இந்த முடிவுக்கு எந்தக் காட்சி சான்று?' என்று உன்னையே கேள். காட்சியைச் சொல்ல முடியவில்லை என்றால் நீ யூகிக்கிறாய். ஓவியத்தில் ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தால், அவரை அடையாளம் காணப் போதிய தகவலை நீ இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். அந்த முகத்தோடு மல்லுக்கட்டாமல் அடுத்த பிணத்துக்குப் போ.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்சிக்குள் முதல் முறை நுழையும்போது, சற்று நேரம் கழியும்வரை புத்தகத்தில் எழுத விடமாட்டார்கள். உனக்கு அது பொறுமையைச் சோதிக்கும். படம் முழுக்க இருநிறப் புள்ளிகளால் ஆனது, பார்வையும் உன் கண்ணோட்டத்திலேயே நகரும். தலை சுற்றினால் மெதுவாகத் திரும்பு, இடைவேளை விடு. உறைந்த காட்சிகளில் கோரமும் உண்டு. எல்லாச் சாவுக்கும் மனிதரே காரணம் என்று எதிர்பார்க்காதே, அமானுஷ்யமும் கலந்திருக்கிறது. ஆனால் தர்க்கம் எங்கும் ஏமாற்றுவதில்லை.

திரைக்குள் நடந்து திரியும் பழக்கம் உனக்கு இல்லாததால், முதலில் 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' விளையாடு. 2022-இல் வந்தது. அதுவும் சாவின் கணம்தான், ஆனால் ஓவியம்போல ஒரே இடத்தில் இருக்கும். சட்டைப்பை, கடிதம், மேசை என்று தட்டிப் பார்த்துச் சொற்களைச் சேர்த்து, 'இன்னார் இன்னாரை இதனால் கொன்றார்' என்பதற்கான வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். இரண்டோ அதற்குக் குறைவாகவோ தவறு இருந்தால் அதை மட்டும் சொல்லும். எது தவறு என்று சொல்லாது. நேரக் கணக்கு கிடையாது. அது முடிந்தபின் கப்பலுக்குப் போ.

'ஹெர் ஸ்டோரி' பற்றியும் உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். 2015-இல் வந்த அதுவும் நல்லதுதான்: காவல்துறையின் விசாரணைப் பதிவுகளில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து தேட வேண்டும், எத்தனை பதிவுகளில் அந்தச் சொல் வந்தாலும் முதல் ஐந்தைத்தான் காட்டும். அதனால் அடுத்து எந்தச் சொல்லைத் தேடுவது என்பதே உன் துப்பறிதல் ஆகிறது. ஆனால் உன் விடை சரியா என்று கடைசிவரை யாரும் சொல்ல மாட்டார்கள். நாவலின் இறுதி அத்தியாயத்தில் முடிச்சு அவிழ வேண்டும் என்பவள் நீ. அதனால் அதை மூன்றாவதாக வைத்துக்கொள்.

கப்பலில் முதல் மூன்று பேர் உறுதியானதும், எந்தக் காட்சியை வைத்து அவர்களைக் கண்டுபிடித்தாய் என்று எழுது. நான் முதலில் பிடித்த மூவர் வேறாக இருக்கலாம். அம்மாவும் கேட்கக் காத்திருக்கிறாள், அவள் இன்னும் 12 பேரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பெயர்களைத் தனித்தாளில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா