அந்த ஸ்கிரீன்ஷாட் ஒரிஜினலா என்று கேட்டதில்தான் நாம் சறுக்கினோம்: நம் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு ஒரு மடல்

செயற்குழுவில் இருப்பவர்களுக்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்றாம் மாடி அக்கா 47,998 ரூபாய் இழந்த விஷயம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவருடைய அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முப்பது வருடம் வங்கிக் கிளையில் வேலை பார்த்தவன் நான். கடைசி ஆறு வருடம் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அப்படியிருந்தும், போன வாரம் குழுவில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தபோது நான் திறந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

நடந்தது இதுதான். கஸ்டமர் கேரோடு யாரோ பேசிய ஒரு வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் நம் குழுவுக்கு வந்தது. மேலே வங்கியின் சின்னம், பக்கத்தில் 'Customer Care 24x7' என்ற பெயர். உள்ளே, கணக்கிலிருந்து கழிந்துபோன பணம் திரும்பி வர, நம் போன் திரையை வேறொருவருக்குக் காட்டும் AnyDesk ஆப்பை இறக்கிக்கொண்டு, அதில் தெரியும் 9 இலக்க எண்ணை அனுப்பச் சொல்கிறார் ஒருவர். கடைசியில் வாடிக்கையாளர், "நன்றி சார், பணம் வந்துவிட்டது" என்கிறார். படத்துக்குக் கீழே ஒரு போன் நம்பர். 'இது ஒரிஜினலா, எடிட் செய்ததா' என்று ஒருவர் கேட்டார். எழுத்து சரியாக இருக்கிறது, சின்னம் சரியாக இருக்கிறது, நேரம் வரிசையாக இருக்கிறது என்று பலரும் பார்த்துச் சொன்னார்கள். ஒரிஜினல்தான் என்று முடிவாகி, குழுவின் உச்சியில் பொருத்தி வைக்கப்பட்டது.

அந்த முடிவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அந்தப் படத்தில் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். மோசடிக்காரன் இரண்டு போன்களை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசி எடுத்திருந்தாலும் அது உண்மையான ஸ்கிரீன்ஷாட்தான். உண்மையிலேயே ஒருவர் அவனோடு பேசியதாக இருந்தாலும் அப்படித்தான். படம் நிஜமா என்பது ஒரு கேள்வி, படத்தில் பேசுகிறவன் வங்கியைச் சேர்ந்தவனா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை நாம் இரண்டாவது கேள்விக்கும் வைத்துக்கொண்டோம்.

அந்தப் படத்தை இப்போது என் போனில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மேலே இருக்கும் பெயர் எதையும் நிரூபிக்காது. ஒரு நம்பரை நம் போனில் எந்தப் பெயரில் சேமிக்கிறோமோ அந்தப் பெயர்தான் உரையாடலின் தலைப்பில் வரும். என் மைத்துனர் நம்பரை 'கஸ்டமர் கேர்' என்று சேமித்துவிட்டு அவரோடு பேசி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அது வங்கி பேசியதைப் போலவே இருக்கும். வங்கியின் சின்னத்தை எவனும் முகப்புப் படமாக வைத்துக்கொள்ளலாம். நம் படத்தில் தெரிந்த நீல டிக் அந்த வட்டமான முகப்புப் படத்துக்கு உள்ளேயே வரையப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் கொடுக்கும் டிக் பெயரை ஒட்டி, படத்துக்கு வெளியேதான் வரும்.

மட்டமான போலிகளில் இன்னும் சில தடயம் கிடைக்கும். நாம் அனுப்பும் செய்திக்குக் கீழேதான் டிக் விழும், எதிராளி அனுப்பியதில் விழாது. உரையாடல் தயாரிக்கும் தளங்களில் அவசரமாகச் செய்த படங்களில் இரண்டு பக்கமும் டிக் இருக்கும். சிலவற்றில் போனின் மேல்மூலையில் மணி 10:15 என்றும், கடைசிச் செய்தியில் 10:42 என்றும் இருக்கும். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் போலி என்று தைரியமாகச் சொல்லலாம். படவில்லை என்பதற்காக நம்பிவிட முடியாது. நம் குழு தேடியது இந்த மாதிரிப் பிழைகளைத்தான். பிழை எதுவும் கிடைக்காததையே சான்றிதழாக எடுத்துக்கொண்டது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அதில் கேட்பது என்ன என்று பாருங்கள். பணத்தைத் திருப்பித் தர, வாடிக்கையாளரின் போன் திரை எதற்கு?

அக்காவின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடையில் யுபிஐ வழியாக 1,850 ரூபாய் செலுத்தினார். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பணம் இருப்பது அக்காவின் போனில் அல்ல, வங்கிகளின் கணக்கேட்டில். திருப்பிப் போடும் வேலை முழுக்க அங்கேயே நடக்கும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடுவே வைத்திருக்கிறது. கடைக்குச் செலுத்தியது இப்படிச் சிக்கினால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பியதாக இருந்தால் மறுநாளே திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இதில் அக்கா செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. நான்காம் நாள் காலை அந்த 1,850 ரூபாய் அவர் கணக்குக்கு வந்தும் விட்டது. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலமே அவர் நம் குழுவில் இருந்த நம்பருக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

AnyDesk திருட்டு ஆப் இல்லை. ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் நல்ல மென்பொருள், பிளே ஸ்டோரிலேயே கிடைப்பது. நம் ஆடிட்டர் தம்பியின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோளாறு வந்தால் மென்பொருள் விற்றவர்கள் இதை வைத்துத்தான் தூரத்திலிருந்து சரிசெய்கிறார்கள். அதனால் 'ஆப் பாதுகாப்பானதா' என்று தேடிப் பார்த்தவர்களுக்கு நல்ல பதிலே கிடைத்தது. கதவு நல்ல கதவுதான், யாருக்காகத் திறக்கிறோம் என்பதில்தான் விஷயம். இந்த ஆப்பின் பெயரைச் சொல்லியே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் எச்சரித்தது. ஆனால் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். நாளைக்கு வேறு பெயரில் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். 'ஆப்பை இறக்கு, அதில் வரும் எண்ணைச் சொல், வரும் கோரிக்கையை ஏற்றுக்கொள்' என்ற மூன்று படிகள்தான் அடையாளம்.

அக்கா அந்த 9 இலக்க எண்ணை அனுப்பினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. ஆண்ட்ராய்டு அதில் தெளிவாகவே சொல்கிறது: உங்கள் திரையில் தெரியும் எல்லாவற்றையும் இந்த ஆப் பார்க்க முடியும், கடவுச்சொல், பணம் செலுத்தும் விவரம், செய்திகள் உட்பட. "அது வழக்கமாக வருவதும்மா, ஸ்டார்ட் அழுத்துங்க" என்றானாம் போனில். அதன்பின் சரிபார்ப்புக்கு 10 ரூபாய் கட்ட ஒரு லிங்க். அதில் கார்டு விவரங்களை அக்கா தட்டியதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "சர்வர் அப்டேட் ஆகிறது, போனை மேசையில் வைத்துவிடுங்கள், பத்து நிமிஷம் தொடாதீர்கள்" என்றான். அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று ஓடிபி வந்தன. அக்கா யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். அது முழுக்க உண்மை. அறிவிப்பாகத் திரையில் எட்டிப் பார்த்த ஓடிபியை அவன் தன் திரையில் படித்துக்கொண்டான். 19,999, மறுபடி 19,999, அப்புறம் 8,000.

பல வங்கி ஆப்கள் தங்கள் திரையை மற்ற ஆப்கள் பார்க்காதபடி கறுப்பாக்கிவிடும். ஐபோனில் AnyDesk ஆப்பால் பார்க்க மட்டுமே முடியும், தொட்டு இயக்க முடியாது. இவையெல்லாம் காப்பாற்றிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அக்கா விஷயத்தில் அவனுக்குத் தேவைப்பட்டது பார்வை மட்டும்தான். கார்டு விவரத்தை வாங்கியது வங்கி ஆப் அல்ல, அவன் அனுப்பிய லிங்க். ஓடிபி வந்தது சாதாரண எஸ்எம்எஸ்ஸில்.

இனி இப்படி யாராவது தெரியாமல் திறந்துவிட்டால், வரிசை முக்கியம். முதலில் இணைப்பை அறுக்க வேண்டும்: போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பைத் தேடி நீக்குவதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம், அதைப் பிறகு செய்யலாம். வீட்டில் வேறு யாருடைய போனையாவது வாங்கி, கார்டின் பின்புறம் அச்சிட்ட நம்பரில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930. பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போயிற்று என்று துரத்தி முடக்கப் பார்ப்பார்கள், அதனால் நிமிஷக் கணக்கு முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் விவரம் போயிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அக்கா விடிந்ததும் சொல்லலாம் என்று வெட்கப்பட்டு ஒரு ராத்திரி காத்திருந்தார். அந்த ராத்திரியில் வேறெதுவும் போகாதது அதிர்ஷ்டம்தான்.

செயற்குழுவிடம் நான் கேட்பது இரண்டு. பொருத்தி வைத்திருக்கும் அந்தப் படத்தை இன்றிரவே எடுத்துவிடுங்கள். ஆனால் யாரும் தங்கள் போனிலிருந்து அந்த உரையாடலை அழிக்க வேண்டாம். cybercrime.gov.in தளத்தில் அக்கா கொடுத்திருக்கும் புகாருக்கு, அந்தப் படம் முதலில் எந்த நம்பரிலிருந்து நம் குழுவில் இருப்பவருக்கு வந்தது என்பது தேவைப்படுகிறது. கொண்டுவந்து போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டார், எனக்குச் சந்தேகமில்லை. அவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினால் போதும், பெயரை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். எல்லோரும் போனைக் கையோடு கொண்டு வாருங்கள். திரையைப் பார்க்கவும் போனை இயக்கவும் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதை அமைப்புகளில் ஒவ்வொருவர் போனாகத் திறந்து பார்த்துவிடுவோம். பெரியவர்கள் படியேற முடியாவிட்டால் சொல்லுங்கள், நான் வீட்டுக்கே வருகிறேன்.

அன்புடன்,
முதல் மாடிக்காரன்