பதினோராம் வகுப்பு இயற்பியல் வினாத்தாள் எழுதுபவர்களுக்கு: மங்கள்யானைக் கேள்வியில் கொண்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். காலாண்டோ அரையாண்டோ, ஈர்ப்பியல் பாடத்திலிருந்து கெப்ளர் கணக்கு ஒன்று பெரும்பாலும் வந்துவிடுகிறது. அது இப்படித்தான் இருக்கும்: ஒரு கோள், சூரியனிலிருந்து பூமி இருப்பதைப் போல 4 மடங்கு தொலைவில் இருக்கிறது, அதன் சுற்றுக்காலம் எத்தனை ஆண்டு? விடை 8. நான் மாலை நேரத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். கேள்வியை முழுதாகப் படித்து முடிக்கும் முன்பே அவர்கள் 8 என்று எழுதிவிடுகிறார்கள். 4 என்றால் 8, 9 என்றால் 27. அது மனப்பாடமாகிவிட்டது.

அந்தக் கேள்வியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் விதியில் மிக முக்கியமான ஒன்றை அது தொடுவதே இல்லை. சுற்றுக்காலத்தின் இருமடியை அரை நெட்டச்சின் மும்மடியால் வகுத்தால் ஒரு மாறிலி வரும் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அந்த மாறிலி எதைப் பொறுத்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை. சூரியனுக்குக் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் பூமியின் துணைக்கோளுக்கும் போட்டுவிடுகிறார்கள். நடுவில் இருப்பது மாறினால் மாறிலியும் மாறும் என்பது அவர்களுக்குப் படவே இல்லை. இதைச் சரிசெய்ய நம் கையிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. அதை ஒரு கேள்வியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் புவிநிலைத் துணைக்கோளை எடுத்துக்கொள்வோம். பூமியின் மையத்திலிருந்து 42,164 கி.மீ. தொலைவில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வட்டமாகச் சுற்றுகிறது. சுற்றுக்காலம் 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. இதை 24 மணி என்று எழுதினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம்தான் 24 மணி. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்துவிடுகிறது. தன் அச்சில் சரியாக ஒரு சுற்று முடிக்க அதற்கு 4 நிமிடம் குறைவாகவே ஆகிறது.

அந்த 4 நிமிடத்தால் என்ன ஆகும்? 24 மணிச் சுற்றுக்காலம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஆரம் 42,241 கி.மீ. என்று வரும். வித்தியாசம் வெறும் 77 கி.மீ.தான். ஆனால் அந்த உயரத்தில் நிறுத்திய துணைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றாது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி மேற்கே பின்தங்கும். இந்தியா தன் துணைக்கோள்களை நிறுத்தும் இடங்களில் ஒன்று கிழக்கு 83 டிகிரி. அங்கே இருக்க வேண்டியது ஒரு மாதத்தில் 53 டிகிரிக்குப் போய்விடும். மொட்டை மாடியில் டிஷ் மாட்ட வருபவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிக்னல் கிடைத்ததும் நட்டை இறுக்கிவிட்டுப் போகிறார். அதன்பிறகு வருடக்கணக்கில் அதை யாரும் தொடுவதில்லை. துணைக்கோள் தினமும் ஒரு டிகிரி நகர்ந்தால் இரண்டு மூன்று நாளிலேயே படம் போய்விடும்.

சரி, இப்போது செவ்வாய்க்குப் போவோம். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. இஸ்ரோ அன்று அறிவித்த பாதை இது: செவ்வாயின் தரையிலிருந்து மிகக் குறைந்த உயரம் 421.7 கி.மீ., மிக அதிக உயரம் 76,993.6 கி.மீ., ஒரு சுற்றுக்கு 72 மணி 51 நிமிடம் 51 வினாடி.

இந்த நீள்வட்டத்தின் நீளம் எவ்வளவு? ஒரு முனையில் 421.7, மறுமுனையில் 76,993.6, நடுவில் செவ்வாயின் முழு விட்டம். செவ்வாயின் ஆரம் நிலநடுக்கோட்டில் 3,396 கி.மீ. என்பதால் விட்டம் 6,792. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 84,207 கி.மீ. வருகிறது. அதில் பாதி, அதாவது அரை நெட்டச்சு, 42,104 கி.மீ.

இந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். புவிநிலைத் துணைக்கோளின் ஆரம் 42,164. மங்கள்யானின் அரை நெட்டச்சு 42,104. வெறும் 60 கி.மீ. வித்தியாசம். இது முழுக்கத் தற்செயல்தான்; யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. ஆனால் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல தற்செயல் கிடைக்காது. தூரம் ஏறக்குறைய ஒன்று, காலம் மட்டும் வேறு. பூமியில் கிட்டத்தட்ட 24 மணி, செவ்வாயில் கிட்டத்தட்ட 73 மணி.

இதைப் பலகையில் எழுதிப் போட்டபோது ஒரு பையன் எழுந்து, "சார், ரெண்டுக்கும் தூரம் ஒண்ணுதானே, அப்புறம் விதிப்படி நேரமும் ஒண்ணாத்தானே வரணும்?" என்று கேட்டான். எனக்கு வேண்டிய கேள்வி அதுதான். 4-க்கு 8 என்று எழுதிப் பழகியவனுக்கு இந்தச் சந்தேகம் வந்தே ஆக வேண்டும். விதியை முழுதாக எழுதினால் விடை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது:

T² = (4π² / GM) a³

M என்பது நடுவில் இருப்பதன் நிறை. a ஒன்றாக இருக்கும்போது T-இன் இருமடி, M-க்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆகவே காலங்களின் விகிதத்தை இருமடியாக்கினால் நிறைகளின் விகிதம் கிடைத்துவிடும். 72.864 மணியை 23.934 மணியால் வகுத்தால் 3.044. அதன் இருமடி 9.27. அந்த 60 கி.மீ. வித்தியாசத்தையும் சேர்த்துத் திருத்தினால் 9.31. பூமி செவ்வாயைவிட இத்தனை மடங்கு கனமானது. உண்மையான விகிதமும் 9.31தான். ஒரு கோளின் நிறையை இப்படிக் கணக்கிட, அதைச் சுற்றும் ஒரு பொருளின் தூரமும் நேரமும் போதும். கெப்ளர் மூன்றாம் விதியை 1619-இல் வெளியிட்டபோது மாறிலிக்குள் நிறை ஒளிந்திருப்பது அவருக்குத் தெரியாது. 1687-இல் நியூட்டனின் ஈர்ப்பு விதி வந்த பிறகே அது வெளிப்பட்டது.

பூமியின் துணைக்கோளாக நிலவையே எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நிலவின் தூரமான 3,84,400 கி.மீ.யையும் அதன் சுற்றுக்காலமான 27.32 நாளையும் வைத்துப் புவிநிலை ஆரத்தைக் கணக்கிட்டால் 42,298 கி.மீ. வருகிறது, 134 கி.மீ. அதிகம். நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு. அதைப் புறக்கணிக்க முடியாது; M இருக்கும் இடத்தில் இரண்டின் நிறையையும் கூட்டிப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் சுமார் 40 கி.மீ. இடிக்கும். அது சூரியன் நிலவை இழுப்பதால் வருவது. மங்கள்யான் அப்படியில்லை. கோளோடு ஒப்பிட்டால் அதன் நிறை ஒன்றுமே இல்லை, அதனால் விதி சுத்தமாக வேலை செய்கிறது.

விடைத்தாள்களில் அதிகம் பார்க்கும் தவறு இன்னொன்று. பிள்ளைகள் தரையிலிருந்து உள்ள உயரத்தையே ஆரமாக வைத்துக்கொள்கிறார்கள். மங்கள்யான் கணக்கில் 421.7-ஐயும் 76,993.6-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 38,708 என்று எழுதுவார்கள். அதை வைத்தால் சுற்றுக்காலம் ஏறத்தாழ 64 மணி என்று வரும். உண்மையைவிட எட்டரை மணி நேரத்துக்கு மேல் குறைவு. தாழ்வான பாதைகளில் இந்தத் தவறு இன்னும் மோசமாகிவிடும். 400 கி.மீ. உயரத்தில் சுற்றுவதற்கு 92.5 நிமிடம் ஆகிறது என்றால் 800 கி.மீ. உயரத்தில் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உயரம் இரட்டிப்பு, ஆகவே 2.83 மடங்கு, 262 நிமிடம் என்று எழுதுவார்கள். உண்மையில் மையத்திலிருந்து தூரம் 6,778 கி.மீ.யிலிருந்து 7,178 கி.மீ. ஆகிறது, அவ்வளவுதான். நேரம் 101 நிமிடத்தைத் தாண்டாது.

மங்கள்யானை எடுத்தால் முதல் இரண்டு விதிகளுக்கும் வேலை இருக்கிறது. 1609-இல் கெப்ளர் அந்த இரண்டையும் கண்டெடுத்ததே டைக்கோ பிராஹே செவ்வாயைப் பார்த்துக் குறித்து வைத்த அளவீடுகளிலிருந்துதான். ஆனால் பூமியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். அதை வைத்துப் பரப்பு விதியைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. மங்கள்யானின் பாதை நன்றாக இழுத்து நீட்டிய நீள்வட்டம். செவ்வாயின் மையத்திலிருந்து பார்த்தால் அண்மைப் புள்ளி 3,818 கி.மீ., சேய்மைப் புள்ளி 80,390 கி.மீ.; 21 மடங்கு. சம காலத்தில் சம பரப்பு என்றால் அண்மையில் வேகம் சேய்மையில் உள்ளதைப் போல 21 மடங்கு இருக்க வேண்டும். கணக்கிட்டால் அண்மையில் வினாடிக்கு 4.6 கி.மீ., சேய்மையில் வினாடிக்கு 220 மீட்டர். அந்த 220 மீட்டரை மணிக்கணக்கில் மாற்றினால் 790 கி.மீ. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் விமானமே அதைவிடச் சற்று வேகமாகப் போகும். இந்த எண்ணைச் சொன்னதும் என் வகுப்பில் இரண்டு பேர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், நம்ப முடியாமல்.

நீள்வட்டத்தைக் குறுக்கே சரிபாதியாக வெட்டினால், செவ்வாயை ஒட்டிய பாதியை மங்கள்யான் 15 மணி நேரத்தில் கடந்துவிடும். தூரத்துப் பாதியில் 57 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். செவ்வாய் உருண்டை முழுவதும் ஒரே படத்தில் தெரிய, 74,500 கி.மீ. உயரத்திலிருந்து அது படம் எடுத்து அனுப்பியது இந்தத் தூரத்துப் பாதையில் இருந்தபோதுதான்.

ஒரு எச்சரிக்கை. தூரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் சமம் என்பது அந்த இரண்டு முனைகளுக்கு மட்டும்தான் நேரடியாகப் பொருந்தும். அங்கே திசைவேகம் ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது. நடுவழியில் ஒரு புள்ளியைக் கொடுத்து வேகம் கேட்டால் பிள்ளைகள் அதே பெருக்கலைப் போட்டுத் தவறான விடை எழுதுவார்கள். ஆகவே முனைகளை மட்டும் கேளுங்கள்.

நான் கேட்பது இப்படி ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. மங்கள்யானின் இரண்டு உயரங்கள், செவ்வாயின் ஆரம், சுற்றுக்காலம், கூடவே புவிநிலைத் துணைக்கோளின் ஆரமும் சுற்றுக்காலமும் கொடுத்துவிடுங்கள். முதலில் அரை நெட்டச்சைக் கேளுங்கள். உயரத்தோடு கோளின் ஆரத்தைச் சேர்க்கத் தெரிகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, இரண்டு தூரங்களும் சமம் எனக் கொண்டு பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள நிறை விகிதம். மும்மடியும் வேண்டாம், கனமூலமும் வேண்டாம், கால்குலேட்டர் இல்லாமல் 3.04-ஐ அதே எண்ணால் பெருக்கினால் போதும். கடைசியாக இரு முனைகளின் வேக விகிதம். G-இன் மதிப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிள்ளைகள் எல்லா எண்ணையும் சூத்திரத்தில் போட்டுப் பத்தின் அடுக்குகளில் மாட்டிக்கொள்வார்கள். திருத்தும்போது நிறை விகிதத்துக்கு 9.2 முதல் 9.3 வரை எது வந்தாலும் முழு மதிப்பெண் தரும்படி விடைக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்