தோழியின் கடிதத்தைத் திருத்தும்போது

அன்பு மகளே,

உன் தோழி தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தையும், அவள் கேட்டுக்கொண்டபடி நீ திருத்தியதையும் படித்தேன். உன் பிரதியில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அவளுடையதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, உன்னுடையதில் அடைக்கவில்லை. ஏன் என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அவள் எழுதியது: "அண்ணா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. தப்புதான். அம்மா முன்னாடி அப்படிப் பேசியிருக்கவே கூடாது."

நீ மாற்றியது: "அன்று தாயாரின் முன்னிலையில் நான் கூறிய சொற்களுக்காக மனமார்ந்த மன்னிப்பைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

'தப்பு' இரண்டு முறை வருகிறதே என்று இரண்டையுமே எடுத்திருப்பாய். ஆனால் முதல் 'தப்பு'க்கும் அடுத்த 'தப்புதான்' என்பதற்கும் நடுவில் அவள் தன்னோடு வாதாடித் தோற்றிருக்கிறாள். அந்தத் 'தான்' போனதும் அதுவும் போய்விட்டது. 'பேசியிருக்கவே கூடாது' என்கிற அழுத்தத்தில் இருந்த வருத்தமும் அப்படித்தான். 'அம்மா' என்றால் அவர்கள் இருவருக்கும் ஒரே ஒருத்திதான். 'தாயார்' யாருடைய தாயாராகவும் இருக்கலாம். 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எந்தத் தங்கையும் அண்ணனிடம் பேசமாட்டாள். தங்கைக்குப் பதில் வேறு யாரோ எழுதிக்கொடுத்தது என்று அவன் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

சரி, எதைத்தான் திருத்துவது? எழுத்துப் பிழையைத் தயங்காமல் திருத்து. 'மண்ணிப்பு' என்றும் 'பலக்கம்' என்றும் எழுதியிருக்கிறாள். அவற்றைச் சரிசெய்வதால் அவள் குரல் மாறாது. 'பேசினது', 'முன்னாடி' போன்றவை பிழையல்ல, அவள் பேச்சு. அவற்றைத் தொடாதே. சில வரிகள் எழுத்து வழக்கிலும் சில பேச்சு வழக்கிலும் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நடைக்கு இழுக்க வேண்டாம். மனசு நெகிழும் இடத்தில் பேச்சுக்கு வந்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது, அதை நீ கவனிக்கவில்லை. "அவர் சொன்னதாலதான் நான் வரலை" என்கிறாள். அந்த 'அவர்' அப்பாவா, அவள் கணவரா? அண்ணன் தவறாக எடுத்துக்கொண்டால் புதிய சண்டை வரும். உண்மையில் கை வைக்க வேண்டிய வரி இதுதான். அதையும் நீயாக மாற்றாமல், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அவளிடமே கேள். அவள் சொல்லும் பதிலையே அந்த இடத்தில் எழுது.

மறுபடி உட்காரும்போது முதலில் பேனாவை எடுக்காமல் முழுதும் வாய்விட்டுப் படி. அவள் குரலில் கேட்கிறதா என்று பார். அப்புறம் நீ சேர்த்த சொற்களை மட்டும் அடிக்கோடிடு. அவள் வாயில் ஒருநாளும் வராத சொல் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு அவள் சொல்லையே திரும்பப் போடு.

திருத்திய பிரதியைக் கொடுக்கும்போது பழையதையும் சேர்த்தே கொடு. அவளையே சத்தமாகப் படிக்கச் சொல். எந்த வரியில் தடுமாறுகிறாளோ அதைப் பழையபடியே விட்டுவிடு.

அன்புடன்,
அம்மா