தாத்தாவின் நினைவுப் படத்தில் வேறொருவர் முகம்: திருத்தித் தரவும், இல்லையெனில் பணத்தைத் திருப்பவும்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வண்ணாரப்பேட்டைக் கிளையில் 3,500 ரூபாய் கட்டி, எங்கள் தாத்தாவும் ஆயாவும் சேர்ந்து இருப்பது போல ஒரு நினைவுப் படம் செய்யக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல பிரிண்ட் வந்திருக்கிறது. அதில் ஆயா ஆயாவாகவே இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தாத்தா காலமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்கு இருப்பது ஒரே ஒரு படம். பழைய துறைமுக நுழைவுச் சீட்டில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம் அது, தோளின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் முத்திரையோடு. உச்சியிலிருந்து தாடை வரை முகம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆயாவோடு சேர்ந்து எடுத்த படமே கிடையாது. அதனால்தான் கேட்டோம். அவர் தினமும் வேலைக்குப் போய் வந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஆயாவின் ஆசை. 1856-இல் திறந்த அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் தூண்களைக் காலை வெயிலில் நானே எடுத்துக் கொடுத்தேன். உங்கள் படத்திலோ பளிங்கு மண்டபமும் அருவியும் வந்திருக்கின்றன. அருவியைக்கூட விட்டுவிடலாம். முகத்தை விட முடியாது.

முகம் எப்படி மாறியது என்பதற்குக் காரணம் உங்கள் கவுன்ட்டரிலேயே தொடங்குகிறது. ஊழியர் அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையோடு மேசையில் வைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். "இது போதும்ங்க, பாத்துக்கலாம்" என்றார். அதே படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தின் உயரம் 150 புள்ளிக்கும் குறைவு, நெற்றியில் உறையின் பளபளப்பு வேறு. இதை வைத்துக்கொண்டு பெரிய பிரிண்டில் முகத்தை அங்குலக் கணக்கில் காட்ட வேண்டுமென்றால், இல்லாத விவரத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருளில் போட்டிருக்கிறீர்கள். அது படத்தில் இல்லாத இமையையும் பல்லையும் தோலையும், தான் பார்த்த ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து வரையும். அதனால் படம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தெளிவு தாத்தாவுடையது அல்ல.

எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போனில் இரண்டு படத்தையும் கண்ணுக்குக் கண் பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக மங்கலாக வைத்துப் பாருங்கள். பழைய படத்தில் தாடை அகலம், உங்கள் படத்தில் கூர்மை. காதையும் பாருங்கள். தாத்தா கடுக்கன் போட்டவர், மடல் தொங்கி ஓட்டை தெரியும். உங்கள் ஆள் காது குத்தாதவர். மூடியிருந்த உதடு திறந்து பல் தெரியச் சிரிக்கிறது. நிறத்தை இரண்டு மூன்று படி வெளுக்க வைத்திருக்கிறீர்கள். வெயிலில் மூட்டை தூக்கியவரை இப்படி வெளுக்க வைத்ததில் எங்கள் மாமாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அடுத்தது, முகத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டீர்கள். பழைய படத்தில் வகிடு ஒரு பக்கம், உங்கள் படத்தில் மறுபக்கம். புருவத்து மேல் இருந்த தழும்பும் பக்கம் மாறியிருக்கிறது. ஏன் திருப்பினீர்கள் என்பது படத்தைப் பார்த்தாலே புரிகிறது. உங்கள் டெம்ப்ளேட்டில் ஆணின் இடம் பார்ப்பவருக்கு வலப்பக்கம். தாத்தாவின் முகமோ கொஞ்சம் வலப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அப்படியே வைத்தால் ஆயாவைப் பார்க்காமல் படத்துக்கு வெளியே பார்ப்பார். அதற்காக முகத்தைத் திருப்பினீர்கள், வெளிச்சமும் கூடவே திரும்பிவிட்டது. ஆயாவுக்கு இடப்பக்கம் வெளிச்சம், தாத்தாவுக்கு வலப்பக்கம். இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது போல இல்லை, ஒட்டி வைத்தது போல இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

தாத்தாவைப் பார்ப்பவருக்கு இடப்பக்கம் உட்கார வைத்திருந்தால் போதும், எதையும் திருப்ப வேண்டியதில்லை. அவர் பார்வை ஆயா பக்கம் போகும். நுழைவுச் சீட்டுப் படத்தில் வெளிச்சம் இடமிருந்து விழுகிறது. ஆயாவை மொட்டைமாடியில் எடுத்த படத்திலும் அப்படியே, ஸ்டேஷன் படத்திலும் அப்படியே. மூன்றும் தானாகவே சேர்ந்திருக்கும். மனைவி கணவனுக்கு இடப்பக்கம் உட்காரும் எங்கள் வீட்டு வழக்கத்துக்கும் அதுதான் சரி.

எங்களை மிகவும் புண்படுத்தியது மாலை. இருவர் கழுத்திலும் சந்தன மாலை போட்டிருக்கிறீர்கள். ஆயா உயிரோடு இருக்கிறார் என்று ஆர்டர் தாளில் எழுதியிருக்கிறது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு இந்த ஊரில் யாராவது மாலை போடுவார்களா? ஆயா ஒன்றும் சொல்லவில்லை, படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

எனவே படத்தைப் புதிதாகச் செய்து தர வேண்டும், இப்படி.

நுழைவுச் சீட்டிலிருந்து படத்தைப் பிய்க்காமல், உறையை மட்டும் கழற்றி, அப்படியே ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 1200 டிபிஐ-யில் எடுங்கள். முகத்தின் உயரம் சுமார் 650 புள்ளி வரும். 300 டிபிஐ பிரிண்டில் அது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அதற்கு மேல் பெரிதாக்கினால் காகிதத்தின் பொடிப்பொடியான சொரசொரப்புதான் தெரியும், ஆகவே பிரிண்டில் முகம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். இருவரும் இடுப்புவரை தெரிய உட்கார்ந்தால் அந்த அளவே இயல்பாக இருக்கும். கொஞ்சம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும். கீறலையும் தூசியையும் கையால் எடுங்கள், கண்ணையும் வாயையும் தொடாதீர்கள்.

உடம்புக்குக் கோட்டும் டையும் வேண்டாம். மாமாவுக்குத் தாத்தாவின் உடல்வாகு. வெள்ளை அரைக்கைச் சட்டை, வேட்டியோடு அவர் வந்து உட்காருவார். இடமிருந்து வெளிச்சம் வைத்து, கேமராவை முக உயரத்தில் நிறுத்தி எடுங்கள், அந்தத் தோளில் தாத்தாவின் தலை வரட்டும். ஸ்டாம்ப் முத்திரை விழுந்த தோளைச் சரிசெய்யும் வேலையும் மிச்சம்.

நிறத்தை ஊகிக்கவே வேண்டாம். ஆயா, ஸ்டேஷன், எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, தாத்தா படத்தில் உள்ள அதே சொரசொரப்பை முழுப் படத்துக்கும் சீராகப் போடுங்கள். ஒருவர் மங்கலாகவும் ஒருவர் பளிச்சென்றும் தெரியும் வித்தியாசம் அதில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தப் படத்தில் மாலை கூடாது. திதிக்குப் படையல் வைக்கத் தாத்தா மட்டும் உள்ள ஆறுக்கு எட்டு அங்குலப் படம் ஒன்று தனியாக வேண்டும், அதற்கு மாலையை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

பிரிண்ட் போடுவதற்கு முன்னால் முகத்தை மட்டும் பழைய படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். ஆயா சரி என்று சொன்ன பிறகுதான் மேற்கொண்டு வேலை.

இதெல்லாம் உங்களால் ஆகாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். 3,500 ரூபாயை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் படங்களை உங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், சேவைக் குறைபாடு என்று சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில்லின் நகல், பழைய படத்தின் நகல், உங்கள் பிரிண்டைப் போனில் எடுத்த படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பேத்தி,
பழைய வண்ணாரப்பேட்டை.