டெமோவைப் பார்த்து டூல் வாங்க வேண்டாம்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் டெவலப்பர் நண்பர்களுக்கும் வணக்கம்.

மாங்கூழ் ஆலைகளுக்கு நாம் செய்து கொடுத்திருக்கும் கொள்முதல் மென்பொருளில் டெஸ்டிங் பார்க்கிற எங்கள் இருவர் சார்பாகவும் இதை எழுதுகிறேன். சீசனுக்கு முன்பே ஆட்டோமேஷன் டூல் ஒன்றை எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். வைகாசி பிறந்துவிட்டால் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் ஆலை வாசல்களில் பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டிவிடும். அந்த நேரத்தில் பில் கணக்கு சரியா என்று உட்கார்ந்து கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எந்த டூல் என்பதை வியாழக்கிழமை நடக்கப்போகும் டெமோவை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வருடமும் டெமோ பார்த்துத்தான் வாங்கினோம். விற்க வந்தவர் தன்னுடைய மாதிரி இணையதளத்தில் லாகின் செய்து, நாலு பட்டனை அழுத்தி, பச்சை டிக் வரவைத்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினோம். நம் மென்பொருளில் மாட்டியபோதுதான் எடைமேடைத் திரையிலேயே அது திணறியது. லைசென்ஸ் முடிந்ததும் எழுதி வைத்திருந்த டெஸ்டுகளைக்கூடத் திறக்க முடியவில்லை. அவை அந்த டூலுக்கு மட்டுமே புரிகிற வடிவத்தில் இருந்தன.

அதனால் இந்த முறை இரண்டு வாரத்துக்கு ஒரு பிஓசி, அதாவது வாங்குவதற்கு முன் நம் மென்பொருளிலேயே டூலை ஓட்டிப் பார்க்கும் சோதனை, நடத்துவோம். அதைத் தொடங்குவதற்கு முன்னால், எதை வைத்துத் தேர்ந்தெடுப்போம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். முன்னால் என்பது இங்கே முக்கியம். முடிவைப் பார்த்தபிறகு அளவுகோலை எழுதினால், பிடித்த டூலுக்குத் தகுந்தபடிதான் அது வளையும்.

அந்தப் பக்கத்தில் முதலில் வரவேண்டியவை மார்க் போடக்கூடாத நிபந்தனைகள். ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நம் நிலைக்கு மூன்று போதும் என்று நினைக்கிறேன். ஒரே டெஸ்டில் இரண்டு பேர் லாகின் செய்திருக்க முடிய வேண்டும். டெஸ்ட் நம் சர்வரிலேயே ஓட வேண்டும்; விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் தெரிகிற திரைகளின் படம் வேறு யாருடைய கிளவுடுக்கும் போகக்கூடாது. மூன்றாவது, டெஸ்டுகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக நம் Git களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்த டூல் வெளியே. எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் என்ன ஆகும் என்றால், அழகான ரிப்போர்ட்டுக்கும் சுலபமான நிறுவலுக்கும் கிடைத்த மார்க், இரண்டு லாகின் முடியாது என்கிற பூஜ்யத்தை மறைத்துவிடும்.

இரண்டு லாகின் ஏன் என்று கேட்கலாம். வாசலில் இருப்பவர் எடையைப் பதிந்தவுடன், உள்ளே மேலாளர் திரையில் அது ஒப்புதலுக்காகத் தானாக வந்து நிற்க வேண்டும். அவர் ஒப்புதல் கொடுத்ததும் வாசல் திரையில் நிறம் மாற வேண்டும். நமக்கு வரும் புகார்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சைப்ரஸ் நல்ல டூல், டெவலப்பர்கள் சிலருக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பிரவுசர்களை ஓட்டுவதும் பல டேப்களில் வேலை செய்வதும் அதில் கிடையாது. அதன் அமைப்பே அப்படித்தான் என்று அதைச் செய்தவர்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒப்புதலை ஏபிஐ வழியாக அனுப்பிச் சமாளிக்கலாம்தான். நமக்கு உடைவது திரையாக இருக்கும்போது திரையைத் தவிர்த்துவிட்டு எதைச் சோதிப்பது? ஆக, இது காகிதத்திலேயே விலகிவிடுகிறது. பிஓசி நேரம் மிச்சம். எஞ்சுவது செலினியமும் பிளேரைட்டும், கூடவே வியாழக்கிழமை வருபவரின் டூல், அது மூன்று நிபந்தனையையும் தாண்டினால். (வாசலில் டேப்லெட்டில் ஓடுவது பிரவுசர் பக்கம் என்பதால் இது போதும். தனி ஆண்ட்ராய்டு ஆப்பாக இருந்தால் ஆப்பியம் பக்கம் போக வேண்டியிருந்திருக்கும்.)

இனி பிஓசி. லாகின் டெஸ்டை எழுதிப் பார்க்காதீர்கள். அதில் எந்த டூலும் தோற்காது. நம்மிடம் இருப்பதில் கஷ்டமானதையே எடுப்போம். நான் முன்வைப்பது ஒரே ஒரு வண்டியின் பயணம். மொத்த எடை 7,860 கிலோ, காலி வண்டி 3,240, நிகரம் 4,620. கழிவு 3 சதவீதம் போனால் 4,481.4 கிலோ. கிலோ 18 ரூபாய் என்று வைத்தால் 80,665 ரூபாய் 20 காசு. இந்தத் தொகை திரையில் வர வேண்டும், மேலாளர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், பில் பிடிஎஃப் ஆக இறங்க வேண்டும்.

இதைப் போட்டியில் உள்ள ஒவ்வொரு டூலிலும் எழுதுபவர், நாளைக்கு அதை வைத்துக் குப்பை கொட்டப்போகிறவராக இருக்க வேண்டும். ஆலைக் கணக்குப் பிரிவிலிருந்து எங்களிடம் வந்த அக்காவுக்குக் கழிவுக் கணக்கு அத்துபடி, ஜாவா தெரியாது. டெவலப்பர் ஒருவர் ஒரே மதியத்தில் எழுதிக் காட்டினால் அதில் நமக்குத் தெரிய வருவது அவருடைய திறமை மட்டுமே.

எழுதியதும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகக்கூடாது. மூன்று விதமாக அதைப் படுத்திப் பார்க்க வேண்டும்.

முதலாவது, திரும்பத் திரும்ப ஓட்டுவது. கழிவைப் போட்டதும் தொகை சர்வரிலிருந்து வர ஒரு நொடி ஆகலாம். அதற்குள் டெஸ்ட் படித்துவிட்டால் 0 தெரியும், சிவப்பு விழும். அடுத்த முறை ஓட்டினால் பச்சை. செலினியத்தில் காத்திருப்பை நாமே எழுத வேண்டும். பிளேரைட்டின் `expect` சரியான மதிப்பு வரும்வரை தானே மறுபடி மறுபடி பார்க்கும், வழக்கமாக 5 நொடி வரை. ஆனால் அதிலும் `textContent()` மூலம் மதிப்பை எடுத்துத் தனியாக ஒப்பிட்டால் இந்த வசதி கிடைக்காது, பழைய கதைதான்.

எத்தனை முறை ஓட்டுவது? நூற்றுக்கு ஒரு முறை தடுமாறும் டெஸ்டை இருபது முறை ஓட்டினால் அந்தத் தடுமாற்றம் கண்ணில் படும் வாய்ப்பு 18 சதவீதம்தான். இருநூறு முறை ஓட்டினால் 87 சதவீதம். அந்த ஒரு சதவீதம் பரவாயில்லை என்று தோன்றும். அப்படிப்பட்ட நூறு டெஸ்டுகள் சேர்ந்தால், நூறும் பச்சையாக முடிவது நூற்றில் 37 தடவைதான். மீதி நாளெல்லாம் காலையில் வந்ததும் எது நிஜமான பிழை என்று தேடிக்கொண்டிருப்போம். ஆகவே சாயங்காலம் கிளம்பும்போது இப்படிப் போட்டுவிட்டுப் போகலாம்:

```
npx playwright test edai.spec.ts --repeat-each=200 --retries=0
```

கடைசியில் இருக்கும் `--retries=0` அவசியம். தோற்றால் மறுபடி ஓட்டு என்ற வசதியைப் பல டூல்கள் தருகின்றன. தினசரி வேலையில் அது உதவும். பிஓசியில் அது நாம் தேடும் நோயையே மறைத்துவிடும். மற்ற டூல்களையும் இதே இருநூறு, இதே மெஷின் என்று ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பது. டெவலப்பர் தம்பி ஒருவர் தனி பிராஞ்சில், கழிவை நிகர எடையில் போடாமல் மொத்த எடையில் போடும்படி மாற்றட்டும். 7,860இல் 3 சதவீதம் 235.8 கிலோ. தொகை 78,915 ரூபாய் 60 காசாக இறங்கும். வண்டிக்காரருக்கு 1,750 ரூபாய் பக்கம் நஷ்டம். டெஸ்ட் சிவப்பாக வேண்டும். நாம் அழுத்துவதை அப்படியே பதிவு செய்து கொள்ளும் ரெக்கார்டர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பதிவானதெல்லாம் கிளிக்குகள்; தொகையைச் சரிபார் என்று யாரும் சொல்லாததால் தப்பான பில்லுக்கும் பச்சை காட்டிவிட்டுப் போகும். தொகையைச் சரிபார்க்கும் வரியைச் சேர்க்க அக்கா எத்தனை தடவை உதவி கேட்கிறார் என்பதையும் எண்ணி வைக்கலாம்.

மூன்றாவது, திரையை மாற்றுவது. பெட்டி ஒன்றின் ஐடியை மாற்றி, இடத்தையும் கொஞ்சம் நகர்த்திவிட்டு, எத்தனை டெஸ்ட் விழுகிறது, சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

```
page.locator('#txtWt_2')
page.getByLabel('வண்டி எடை')
```

முதலாவது ஐடி மாறிய அன்றே போய்விடும். இரண்டாவது, திரையில் தெரியும் பெயரை வைத்துத் தேடுவதால் தாங்கும், நம் திரையில் அந்தப் பெயர் பெட்டியோடு முறையாக இணைக்கப்பட்டிருந்தால். செலினியத்தில் இப்படி நேராகத் தேடும் வழி இல்லை, எக்ஸ்பாத் எழுத வேண்டும். எனக்கு இது ஒன்றே பெரிய வித்தியாசமாகப் படுகிறது. டெஸ்ட் எழுதுவதைவிட அதைப் பராமரிக்கத்தான் காலமெல்லாம் செலவாகிறது.

எந்த டூலின் தலையிலும் போடக்கூடாத சிக்கல்களும் வரும், அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள். 'கோவிந்தன்' என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் டெஸ்ட் தோற்கும், எந்த டூலாக இருந்தாலும். நம் மென்பொருளின் பெயர்த் தேடலும் அதே காரணத்தால் விவசாயி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அது நாம் திருத்த வேண்டிய பிழை. பிடிஎஃப்பும் அப்படித்தான். அதிலுள்ள தமிழை வெளியே எடுத்தால் கொம்பு முன்பின்னாக வருவது சகஜம். தனி லைப்ரரி வைத்து எண்களை மட்டும் சரிபார்த்துவிட்டு விடலாம்.

மார்க் என்று பார்த்தால் நான்கு போதும்: இருநூறில் எத்தனை தோல்வி, திரை மாறியபின் சரிசெய்த நேரம், தோற்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஆன நேரம், அக்கா உதவி கேட்ட தடவைகள். முதல் இரண்டுக்கும் தலா 35, மற்றவற்றுக்குத் தலா 15 என்பது என் யோசனை. இந்த 35, 15 பங்கீட்டைச் சற்று மாற்றிப் போட்டாலே முதலிடம் மாறுகிறது என்றால் இரண்டு டூலும் சமம் என்று எடுத்துக்கொண்டு, செலவு குறைந்ததை வாங்குங்கள். எதுவும் தேறவில்லை என்ற முடிவுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும். அப்படி வந்தால் இந்தச் சீசனுக்குக் கணக்கை மட்டும் ஏபிஐ அளவில் சோதித்துக்கொள்ளலாம், அதற்கு டூல் வாங்கத் தேவையே இல்லை.

வியாழக்கிழமை வருபவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த 7,860 கிலோ வண்டியின் விவரத்தை இன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். நம் டெஸ்ட் சர்வரில், நம் திரையில், கீபோர்டு அக்காவின் கையில் இருக்கும்படி காட்டச் சொல்லுங்கள். நிபந்தனைப் பக்கத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் திருத்தி ஒப்புதல் கொடுத்தால் திங்களன்று பிஓசியைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
டெஸ்டிங் பிரிவிலிருந்து ஒருவர்
கிருஷ்ணகிரி