உரக்கப் படித்தபோது கேட்டவை

கும்பகோணம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதமும், உன் கிராமத்து நினைவுகளின் முதல் மூன்று பக்கங்களும் வந்து சேர்ந்தன. பேரன் நலமாக இருக்கிறான் என்று அறிந்து மகிழ்ந்தேன். "எழுதியது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்க ஏனோ மரத்துப்போனது போல இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அதே குறை என் கட்டுரையிலும் இருந்தது. அதை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியதை நானே இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தபோது எந்தத் தடையும் தெரியவில்லை. எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது எழுதியவனுக்கு முன்பே தெரியும் என்பதால், தாளில் இல்லாத ஓசையையும் என் குரல் சேர்த்துக்கொண்டது. ஆகவே எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் கொடுத்து, முன்கூட்டிப் பார்க்காமல் உரக்கப் படிக்கச் சொன்னேன். இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தடுக்கிய இடத்திலும், பின்னால் போய் மறுபடி தொடங்கிய இடத்திலும் பென்சிலால் கோடு மட்டும் போட்டேன். இடையில் விளக்கம் சொல்லக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். விளக்கம் கேட்டுவிட்டால் அடுத்த வரியை அவர் என் குரலில் படிக்கத் தொடங்கிவிடுவார்.

மூன்றாம் பத்தியில் அவர் எங்கும் தடுமாறவில்லை. ஆனால் குரல் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஆகிவிட்டது. அந்தப் பத்தி இப்படி இருந்தது:

"அப்பா 5 மணிக்கு எழுந்திருப்பார். அப்பா சைக்கிளைத் துடைப்பார். அப்பா சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். அப்பா பால்காரரிடம் பேசுவார். அப்பா 6 மணிக்குக் கிளம்புவார்."

தொடக்கம்தான் குறை என்று எண்ணி, ஓர் இடத்தில் "அவர்" என்றும் இன்னோர் இடத்தில் "தந்தையார்" என்றும் மாற்றிக் கொடுத்தேன். மறுபடி படித்தபோது சலிப்பு அப்படியே இருந்ததோடு, தந்தையார் என்பவர் வேறு யாரோ என்ற மயக்கமும் சேர்ந்துகொண்டது. எழுவாய் முதலிலும் "-ஆர்" கடைசியிலுமாக ஐந்து வாக்கியங்களும் ஒரே அளவில் நின்றதால், முதற்சொல்லை மாற்றிப் பயன் இல்லை. பிறகு எழுந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, பேசி, கிளம்புவார் என்று ஒரே வாக்கியமாக்கினேன். வினையெச்சங்கள் வரிசையாக வந்து அதுவும் தாளம் போட்டது. கடைசியில் நின்றது இது:

"காலை 5 மணிக்கே வாசலில் துணி உதறும் சத்தம் கேட்கும். சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் அப்பாவுக்குப் பால்காரரோடு பேச்சு. 6 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்."

அப்பா என்ற சொல் ஒரே முறைதான் வருகிறது. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் மூன்றாம் வாக்கியத்தில் எழுவாய் தேவைப்படவில்லை. இரண்டாவது வாக்கியம் வினைமுற்று இல்லாமலே, பேச்சு என்ற பெயர்ச்சொல்லில் முடிகிறது. ஆசிரியர் இதைப் படித்தபோது, "பிறகுதான்" என்ற இடத்தில் குரல் தானாக இறங்கியது.

திரும்பத் திரும்ப வரும் சொற்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடவும் கூடாது. அப்பா இறந்த நாளைச் சொல்லும் இடத்தில் மூன்று வாக்கியங்கள் "அன்று" என்றே தொடங்குகின்றன. அங்கே ஆசிரியருடைய குரல் ஒவ்வொரு முறையும் கனத்துக்கொண்டே போயிற்று, அதனால் அந்த வாக்கியங்களை நான் தொடவில்லை.

இனி உன் பக்கங்கள். என் மனைவி உரக்கப் படிக்க, நான் குறித்தேன். ஆறு பத்திகள் "அந்தக் காலத்தில்" என்று தொடங்குகின்றன. முதலாவது போதும், மற்றவற்றில் காலம் ஏற்கெனவே விளங்கிவிடுகிறது. இரண்டாம் பக்கத்தில், "குளக்கரை அரசமரத்தடியில் அமர்ந்திருந்த, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகியிருந்த, எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்த பெரியப்பா" என்ற இடத்தில் அவள் இரண்டு முறை நின்றாள். யாரைப் பற்றிய பேச்சு என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை மூன்று அடைமொழிகளையும் கேட்பவர் சுமந்துகொண்டிருக்க வேண்டும். பெரியப்பாவை முதலில் உட்கார வைத்துவிட்டு, வெற்றிலைப் பையை அடுத்த வாக்கியத்தில் சொல்லிப் பார். திருத்தம் எதையும் நான் எழுதவில்லை; நான் திருத்தினால் அது என் ஓசையாகிவிடும்.

இந்த முறையில் எழுத்துப்பிழை அகப்படாது. "கரி" என்று எழுத வேண்டிய இடத்தில் "கறி" என்று எழுதியிருக்கிறாய். படித்த குரலில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அதற்குக் கண்ணால் தனியாக ஒரு முறை பார்த்துவிடு.

நான்காம் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பு. வியாழன் மாலை தொலைபேசியில் நானே படிக்கிறேன். உன் பிரதியும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ராமநாதன்