எண் சரி, அலகு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்வி இணைப்பிதழில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்கான மாதிரி வினா விடைகள் வெளியாகி வருகின்றன. கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள். அதனால்தான் சென்ற வாரப் பகுதியில் இருந்த பிழையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

“3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பாலை ‘லோ ஃபேட்’ என்று விற்கலாமா?” என்பது கேள்வி. “விற்கலாம், வரம்பு 3 கிராம்” என்று விடை தந்திருக்கிறீர்கள். 2018-ஆம் ஆண்டின் விளம்பரம், உரிமைகோரல் ஒழுங்குமுறைகளில் 3 கிராம் என்ற எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது 100 கிராம் திடப்பொருளுக்கு. திரவமாக இருந்தால் 100 மில்லிக்கு 1.5 கிராமைத் தாண்டக் கூடாது. பால் திரவம். நீலப் பாக்கெட்டில் வீட்டுக்கு வரும் சமன்படுத்திய பாலில் கொழுப்பு அந்த வரம்பைப் போல இரண்டு மடங்கு. எனவே சரியான விடை ‘விற்க முடியாது’ என்பதுதான்.

இதையே இன்னும் ஒரு படி கடினமாகக் கேட்கலாம். இருநிலை சமன்படுத்திய பாலில் கொழுப்பு குறைந்தது 1.5 சதவீதம் இருக்க வேண்டும். அப்படியானால் அது லோ ஃபேட் ஆகுமா? பார்த்தவுடன் ஆகும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சதவீதம் எடைக் கணக்கு. 100 மில்லி பாலின் எடை ஏறக்குறைய 103 கிராம் என்பதால் கொழுப்பு 1.55 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. வரம்பை மயிரிழையில் தாண்டிவிட்டது. கிராமா, மில்லியா என்று பார்க்காமல் படித்தவர் இங்கேதான் மதிப்பெண்ணை விடுவார்.

‘சுகர் ஃப்ரீ’ பற்றிய விடையும் எனக்கு நெருடுகிறது. “சர்க்கரை சேர்க்காத பொருள்” என்று விளக்கம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு உரிமைகோரல்கள். சுகர் ஃப்ரீ என்று போட 100 கிராமிலோ 100 மில்லியிலோ சர்க்கரைகள் 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை மட்டும் இந்தக் கணக்கில் வருவதில்லை. பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸ், பாலில் இருக்கும் லாக்டோஸ் எல்லாமே சேரும்.

நம் மலைக்கு ஏற்ற உதாரணம் ஹோம்மேட் சாக்லேட். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் போட்டு ஒருவர் மில்க் சாக்லேட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மால்டிடால் சர்க்கரை ஆல்கஹால் வகை, சர்க்கரைகள் கணக்கில் சேராது. சரி, பால் பவுடர்? 100 கிராம் சாக்லேட்டில் முழுப்பால் பவுடர் 15 கிராம் என்றால், அந்தப் பவுடரில் சுமார் 38 சதவீதம் லாக்டோஸ். பெருக்கினால் 5.7 கிராம். சுகர் ஃப்ரீ வரம்பைப் போலப் பதினொரு மடங்கு! ‘லோ சுகர்’ என்றுகூடப் போட முடியாது. திடப்பொருளுக்கு அதன் வரம்பு 5 கிராம். ஒரு கரண்டி வெள்ளைச் சர்க்கரைகூடப் போடவில்லை என்று செய்தவர் சொல்வது முழு உண்மையாக இருந்தும், சுகர் ஃப்ரீ என்ற சொல் அந்தப் பொட்டலத்துக்கு ஒட்டாது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. பொட்டலத்தின் பின்புற ஊட்டச்சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை ஒரு வரியாகவும் சேர்க்கப்பட்ட சர்க்கரை இன்னொரு வரியாகவும் இருக்கும். சேர்க்கப்பட்டது 0, மொத்தம் 5.7 என்று பின்னால் அச்சிட்டுவிட்டு முன்னால் சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். ஊட்டிக்கு வருகிறவர்களில் நீரிழிவு உள்ளவர்களும் ஆசையாக இந்தப் பொட்டலங்களைத்தான் தேடி வாங்குகிறார்கள். நாளைக்கு அலுவலராக அந்தக் கடைக்குள் போகப்போகிற பிள்ளை இதைத் தப்பாகப் படித்துவிடக் கூடாது.

நார்ச்சத்து வினாவில் பாதி விடைதான் இருக்கிறது. ‘சோர்ஸ் ஆஃப் ஃபைபர்’ என்று சொல்ல 100 கிராமுக்கு 3 கிராம் நார் வேண்டும், அல்லது 100 கிலோகலோரிக்கு 1.5 கிராம் இருந்தாலும் போதும். இந்த ‘அல்லது’ விட்டுப்போயிருக்கிறது. முட்டைக்கோஸில் 100 கிராமுக்கு நார் சுமார் இரண்டரை கிராம்தான், எடைக் கணக்கில் தேறாது. அதே 100 கிராமில் கலோரி 25 அளவுக்கே இருப்பதால் கலோரிக் கணக்கில் எளிதாகத் தேறிவிடும்.

அடுத்த இதழில் இந்த மூன்று விடைகளையும் திருத்தி வெளியிடுங்கள். இனி வரும் வினாக்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘100 கிராமுக்கு’, ‘100 மில்லிக்கு’, ‘100 கிலோகலோரிக்கு’ என்று சேர்த்தே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவுத் தொழில்நுட்ப ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்